பிபிஎஃப் பணத்தில் பாதி எடுக்கலாம் என்கிறார்களே, எந்தப் பாதி? கட்டும் வரம்பு முதல் இடையில் எடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பிபிஎஃப் கணக்கு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் மூன்று விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம், பதினைந்து வருடம் பூட்டு, ஐந்து வருடம் கழித்துப் பாதி எடுக்கலாம். மூன்றும் சரிதான். ஆனால் அந்தப் ‘பதினைந்து’ எந்த நாளிலிருந்து, அந்தப் ‘பாதி’ எந்தத் தொகையில் என்று கேட்டால் பலர் சொல்லும் பதில் தவறாக இருக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டு வேலைக்கோ அந்தப் பணத்தை நம்பி நாள் குறித்த பிறகு, கவுன்டரில் நிற்கும்போதுதான் அது தெரிய வருகிறது. அந்தக் கணக்கை இங்கே ஒரே ஓர் உதாரணத்தை வைத்து அடி முதல் நுனி வரை போட்டுப் பார்க்கலாம்.

உதாரணம் இதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். வரி கணக்குப் பார்க்கும் பிப்ரவரி மாதத்தில்தான் சேமிப்பு நினைவுக்கு வரும் என்பதால் 2021 பிப்ரவரி 12 அன்று பிபிஎஃப் கணக்கு தொடங்கி ஒரு லட்சம் ரூபாய் கட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே பிப்ரவரி 12 வாக்கில் ஒரு லட்சம் கட்டி வருகிறார். 2026 ஜூனில் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். கணக்கில் ஏழு லட்சத்துக்கு மேல் இருக்கிறது, பாதி என்றால் மூன்றரை லட்சம் வருமே என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

முதலில் வருடக் கணக்கு

பிபிஎஃப்பில் ‘வருடம்’ என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டு மட்டுமே. கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து பதினைந்து வருடம் என்று எண்ணக் கூடாது. முதல் தவணை கட்டிய நிதியாண்டு முடிந்த பிறகு, அதாவது அந்த மார்ச் 31-க்குப் பிறகு, பதினைந்து முழு நிதியாண்டுகள் ஓட வேண்டும்.

நம் பட்டறைக்காரர் 2020-21 நிதியாண்டில் தொடங்கினார். அந்த ஆண்டு 2021 மார்ச் 31 அன்று முடிந்தது. அதன் மேல் பதினைந்து ஆண்டு சேர்த்தால் 2036 மார்ச் 31. முழுப் பணத்தையும் 2036 ஏப்ரல் 1 முதல் எடுக்கலாம். தொடங்கிய ஆண்டையும் சேர்த்தால் அவர் பதினாறு நிதியாண்டுகளில் பணம் கட்டியிருப்பார். ‘பதினைந்து வருடத் திட்டத்தில் ஏன் பதினாறாவது தவணை கேட்கிறார்கள்’ என்று சிலர் சண்டைக்கே போகிறார்கள். காரணம் இவ்வளவுதான்.

இதனால் கணக்குத் தொடங்கும் நாளுக்கு ஒரு மதிப்பு உண்டு. 2021 மார்ச் 28 அன்று தொடங்கியவருக்கும் ஏப்ரல் 3 அன்று தொடங்கியவருக்கும் நடுவில் ஆறு நாள்தான். ஆனால் முதலாமவருக்கு 2036 மார்ச்சில் முதிரும், இரண்டாமவருக்கு 2037 மார்ச்சில். இடையில் எடுக்கும் உரிமையும் அதேபோல் ஒரு வருடம் தள்ளிப் போகும். புதிதாகக் கணக்குத் தொடங்க நினைப்பவர் மார்ச் மாதத்தில் இருந்தால், கையில் பெரிய தொகை இல்லாவிட்டாலும் 500 ரூபாயைக் கட்டி அந்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

எவ்வளவு கட்டலாம், எந்தத் தேதிக்குள்

ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய். ஒரே தவணையாகவும் கட்டலாம், கிடைக்கும்போதெல்லாம் பிரித்தும் கட்டலாம்.

வரம்பு விஷயத்தில் அதிகம் தவறு நடப்பது பிள்ளைகளின் பெயரில் உள்ள கணக்கில். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் பெயரில் அப்பா காப்பாளராக இருந்து ஒரு கணக்கு நடத்தினால், அப்பாவின் சொந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் சேர்ந்து 1,50,000 தான். இரண்டுக்கும் தனித்தனி ஒன்றரை லட்சம் கிடையாது. அம்மாவுக்கு அவர் பெயரில் தனிக் கணக்கு இருந்தால் அதற்குத் தனி வரம்பு உண்டு. ஒரே கணக்கில் வரம்பைத் தாண்டினால் கணினியே மறுத்துவிடும். ஆனால் அப்பாவின் கணக்கு ஏற்காட்டில் ஒரு வங்கியிலும் மகனின் கணக்கு சேலம் தலைமை அஞ்சலகத்திலும் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. பணம் ஏறிவிடும். பின்னால் கண்டுபிடிக்கப்படும்போது கூடுதல் தொகை வட்டியில்லாமல் திரும்பும், அதற்கு வரிச்சலுகையும் கிடையாது.

ஒருவர் தன் பெயரில் இரண்டு பிபிஎஃப் கணக்கு வைத்திருக்கக் கூடாது. அஞ்சலகத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று தெரியாமல் தொடங்கியிருந்தால் இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி உடனே எழுதிக் கொடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இதற்கு மத்திய அரசின் தெளிவான நெறிமுறை இருக்கிறது. ஒன்றை முதன்மைக் கணக்காக வைத்து, ஆண்டு வரம்புக்கு உட்பட்ட அளவில் மற்றதை அதோடு சேர்ப்பார்கள். மிஞ்சுவதை வட்டியில்லாமல் திருப்பித் தருவார்கள்.

அடுத்தது ஐந்தாம் தேதி. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும் கணக்கில் ஏறுவது மார்ச் 31 அன்று. 2020 ஏப்ரல் 1 அன்று 7.1 சதவீதமாகக் குறைக்கப்பட்ட வட்டி விகிதம் அதன் பிறகு வருடக்கணக்காக அப்படியே நீடித்தது. அந்த விகிதத்தில் ஒரு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி ஏறத்தாழ 592 ரூபாய். பட்டறைக்காரர் பிப்ரவரி 12-க்குப் பதிலாக பிப்ரவரி 5-க்குள் கட்டியிருந்தால் வருடா வருடம் இந்த 592 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஏப்ரல் 5-க்குள் கட்ட முடிந்தவருக்கு அந்த ஒரு லட்சத்துக்கு வருடம் முழுவதற்கும் 7,100 ரூபாய் கிடைக்கும்; பிப்ரவரி 12 அன்று கட்டுபவருக்கு அந்த நிதியாண்டில் மார்ச் மாத வட்டி மட்டுமே. காசோலையாகக் கொடுத்தால் கொடுத்த நாளைப் பார்க்காதீர்கள், பணம் வந்து சேரும் நாளைப் பாருங்கள். ஐந்தாம் தேதி காலையில் காசோலை போட்டுவிட்டு வட்டி வரும் என்று நம்பக் கூடாது.

வரிச்சலுகை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டிய தொகைக்கான கழிவு (பழக்கத்தில் 80சி என்று சொல்வது, 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் 123ஆம் பிரிவு) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நீங்களாக எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் கணக்குப் போடுவார்கள், அதில் இந்தக் கழிவு இல்லை. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக உரிய காலத்துக்குள் தனிப் படிவம் தர வேண்டும். ஒருமுறை பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. ஆகவே பட்டறைக்காரரைப் போன்றவர்கள் ஆடிட்டரிடம் கேட்காமல் ‘வரி மிச்சமாகும்’ என்று மட்டும் நினைத்துக் கட்டக் கூடாது. பிபிஎஃப் வட்டிக்கும் எடுக்கும் பணத்துக்கும் வரி இல்லை என்பது இரண்டு முறைக்கும் பொது.

இடையில் எடுப்பது: எந்த இருப்பில் பாதி?

விதி இப்படி. கணக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு பணம் எடுக்கலாம். எடுக்கும் ஆண்டுக்கு முந்தைய நான்காவது ஆண்டின் கடைசியில் இருந்த இருப்பு ஒன்று. போன ஆண்டு, அதாவது எடுக்கும் ஆண்டுக்கு உடனே முந்தைய ஆண்டின் கடைசியில் இருந்த இருப்பு இன்னொன்று. இந்த இரண்டில் எது குறைவோ அதில் 50 சதவீதம். நிதியாண்டுக்கு ஒருமுறை மட்டும்.

இன்றைய இருப்பு இந்த விதியில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏமாற்றத்துக்கு அதுதான் காரணம்.

பட்டறைக்காரருக்கு 2021 மார்ச் 31-க்குப் பிறகு ஐந்து ஆண்டு என்றால் 2026 மார்ச் 31. அவர் எடுக்கக்கூடிய முதல் நாள் 2026 ஏப்ரல் 1. அவர் பாஸ்புக்கில் ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் இருந்த இருப்பை, 7.1 சதவீத வட்டியில், ரூபாய்க்கு முழுமையாக்கிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

| மார்ச் 31 | இருப்பு (ரூபாய்) |
|---|---|
| 2021 | 1,00,592 |
| 2022 | 2,08,326 |
| 2023 | 3,23,709 |
| 2024 | 4,47,284 |
| 2025 | 5,79,633 |
| 2026 | 7,21,379 |

2026 ஜூன் என்பது 2026-27 நிதியாண்டு. பின்னோக்கி விரல் விட்டு எண்ணுங்கள்: 2025-26 ஒன்று, 2024-25 இரண்டு, 2023-24 மூன்று, 2022-23 நான்கு. நான்காவது ஆண்டின் கடைசி என்பது 2023 மார்ச் 31. அன்றைய இருப்பு 3,23,709. உடனே முந்தைய ஆண்டுக் கடைசி 2026 மார்ச் 31, இருப்பு 7,21,379. குறைவானது முதலாவது. அதில் பாதி 1,61,854 ரூபாய்.

மூன்றரை லட்சம் எதிர்பார்த்தவருக்கு ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். இதில் கவுன்டரில் இருப்பவர் செய்த தவறு எதுவும் இல்லை. இந்த எண்ணை வீட்டிலேயே, பாஸ்புக்கை வைத்துக்கொண்டு, ஒரு வருடம் முன்பே போட்டுப் பார்த்திருந்தால் மீதிப் பணத்துக்கு வேறு வழி பார்த்திருக்கலாம்.

எளிய வழி ஒன்று உண்டு. எடுக்கப்போகும் நிதியாண்டு எந்த ஏப்ரலில் தொடங்குகிறதோ அந்த வருடத்திலிருந்து மூன்றைக் கழியுங்கள். 2026 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு 2023 மார்ச் 31. 2027 ஏப்ரலுக்கு 2024 மார்ச் 31. பாஸ்புக்கில் அந்த மார்ச் 31-க்கான வட்டி ஏறிய வரியைக் கண்டுபிடித்து, அந்த வட்டியும் சேர்ந்த இருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி சேர்வதற்கு முந்தைய வரியைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத் தொகை ஒத்துவரவில்லை என்று குழம்புவதும் நடக்கிறது.

மார்ச்சும் ஏப்ரலும்

‘வருடத்துக்கு ஒருமுறை’ என்பதும் நிதியாண்டுக் கணக்குதான். இதைப் புரிந்துகொண்டால் ஒரு வசதி கிடைக்கும். பட்டறைக்காரர் 2026-27இல் எதுவும் எடுக்காமல் இருந்து, 2027 மார்ச் தொடக்கத்தில் ஒருமுறையும் ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு முறையும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச்சில் எடுப்பது 2026-27 கணக்கில், 1,61,854. ஏப்ரலில் எடுப்பது 2027-28 கணக்கில். அதற்கு அடிப்படை 2024 மார்ச் 31 இருப்பான 4,47,284, அதில் பாதி 2,23,642. ஒரு மாத இடைவெளியில் மொத்தம் 3,85,496 ரூபாய் கையில் வரும். இது குறுக்கு வழி இல்லை, விதியே இதற்கு இடம் தருகிறது. பெரிய செலவு ஏப்ரல், மே மாதங்களில் வரும் என்று தெரிந்தவர்கள் மார்ச்சைத் தவற விடக் கூடாது.

அவருக்கு 2026 ஜூனிலேயே தேவை என்பதால் இந்த முதல் முறை அது பொருந்தாது. ஆனால் ஜூனில் 1,61,854 எடுத்தாலும் 2027 ஏப்ரலில் அதே 2,23,642 எடுக்கலாம், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அது உதவும். ஜூனில் எடுத்ததால் அந்த வரம்பு குறையாது, ஏனென்றால் அடிப்படை 2024ஆம் ஆண்டின் பழைய இருப்பு.

அப்படியானால் வருடா வருடம் எடுத்துக்கொண்டே போகலாமா? போகலாம், ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். அங்கேதான் இரண்டாவது நிபந்தனை வேலை செய்யும். அவர் தொடர்ந்து ஒரு லட்சம் கட்டிக்கொண்டே 2026, 2027, 2028 என மூன்று ஆண்டும் முழு வரம்பையும் எடுத்தால், 2028-29இல் எடுக்கக்கூடியது சுமார் 2,89,800. அதன் பிறகு கணக்கில் இருப்பு இறங்கிவிடும். அதே வட்டி நீடித்தால் 2029 மார்ச் 31 அன்று நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 2029-30இல் நான்காவது முந்தைய ஆண்டின் இருப்பு 7,21,379 ஆக இருந்தாலும், உடனே முந்தைய ஆண்டின் இருப்பு அதைவிடக் குறைவு. ஆகவே பாதி என்பது இப்போது அந்தக் குறைந்த தொகையில், சுமார் 2,23,000 தான். மூன்று முறை எடுத்தவர்கள் நான்காவது முறை வரம்பு ஏன் இறங்குகிறது என்று கேட்பது இதனால்தான்.

எடுக்கும் தேதியும் முக்கியம். ஐந்தாம் தேதி முதல் மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் வட்டி என்று மேலே பார்த்தோம். மே 28 அன்று எடுத்தால் அந்தத் தொகைக்கு மே மாத வட்டி முழுவதும் போய்விடும். நான்கு நாள் பொறுத்து ஜூன் 1 அன்று எடுத்தால் மே வட்டி கிடைக்கும். கட்டணம் கட்டக் கடைசி நாள் அனுமதித்தால், மாதத்தின் முதல் ஐந்து நாளில் எடுப்பதே நல்லது. பட்டறைக்காரர் எடுக்கும் தொகைக்கு ஒரு மாத வட்டி சுமார் 958 ரூபாய்.

எடுக்க விடாமல் தடுப்பவை

முதலாவது, நின்றுபோன கணக்கு. ஏதாவது ஒரு நிதியாண்டில் 500 ரூபாய்கூடக் கட்டாமல் விட்டால் கணக்கு நின்றுபோனதாகக் கருதப்படும். இருக்கும் பணத்துக்கு வட்டி ஓடும், ஆனால் புதுப்பிக்கும்வரை கடனும் கிடையாது, இடையில் எடுப்பதும் கிடையாது. சேர்வராயன் மலையில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. விளைச்சல் குறைந்த வருடம், ‘இந்த வருடம் கட்ட முடியாது, அடுத்த வருடம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு லட்சம் கட்ட முடியாவிட்டால் 500 கட்டினால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விட்டுப்போனவர் விட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டு விட்டிருந்தால் 1,100 ரூபாய், அதோடு நடப்பு ஆண்டுக்கு 500. செலவு பெரிதில்லை. ஆனால் பணம் எடுக்கப் போகும் அன்றே புதுப்பித்து அன்றே எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், சில வாரங்கள் முன்பே எழுதிக் கொடுத்து, பாஸ்புக்கில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். முதிர்வுக் காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால், பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு புதுப்பிக்கவோ நீட்டிக்கவோ முடியாது.

இரண்டாவது, பெயர். நம் ஊர் முன்னெழுத்துப் பழக்கம் இங்கே தொல்லை தரும். பாஸ்புக்கில் முன்னெழுத்தோடு பெயர் இருக்கும், பான் அட்டையில் அதே முன்னெழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் முன்னெழுத்து பின்னால் போயிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பணம் தேவைப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் கொடுத்துவிடுங்கள். பழைய கையெழுத்தும் அப்படித்தான். ஐந்தாறு வருடம் முன்பு தமிழில் போட்ட கையெழுத்தை மறந்து இப்போது ஆங்கிலத்தில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, மாற்றிய கணக்கு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கோ, அஞ்சலகத்திலிருந்து வங்கிக்கோ பிபிஎஃப் கணக்கை மாற்றலாம், அதனால் வயது குறையாது. ஆனால் புதிய இடத்தில் கணக்குத் தொடங்கிய தேதியாக மாற்றிய தேதியைப் பதிந்துவிட்டால் கணினி உங்களைப் புதியவராகக் கருதும். மாற்றிக் கொண்ட வாரத்திலேயே புதிய பாஸ்புக்கில் முதல் தொடக்கத் தேதி சரியாக உள்ளதா என்று பாருங்கள். பழைய பாஸ்புக்கின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான்காவது ஆண்டு இருப்பை நிரூபிக்க அதுதான் கையிலிருக்கும் சான்று.

எடுக்கும் முறை

முதலில் பாஸ்புக்கை அன்றைய நாள் வரை பதிந்து வாங்குங்கள். வங்கிக் கணக்காக இருந்தால் கணக்கு அறிக்கை போதும், ஆனால் அதில் வேண்டிய மார்ச் 31 இருப்பு வருமளவுக்குப் பழைய காலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வரம்பை நீங்களே போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிபிஎஃப் திட்டத்தில் கடனுக்கும் இடையில் எடுப்பதற்கும் உரியது படிவம் 2. அதில் கணக்கு எண், எடுக்கும் தொகை, பணம் போய்ச் சேர வேண்டிய சேமிப்புக் கணக்கு ஆகியவற்றை எழுத வேண்டும். அந்தச் சேமிப்புக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். என்ன காரணத்துக்காக எடுக்கிறீர்கள் என்பதற்குச் சான்று காட்டத் தேவையில்லை, மகளின் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் இல்லாமலே எடுக்கலாம். பிள்ளையின் பெயரில் உள்ள கணக்கில் எடுத்தால் மட்டும், பணம் அந்தப் பிள்ளையின் தேவைக்காகத்தான் என்று காப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ்புக், ஆதார், பான் நகல்களோடு அசலையும் கொண்டு போங்கள். பணம் வந்ததும் பாஸ்புக்கில் பற்றுப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

போதவில்லை என்றால்

ஐந்து ஆண்டு ஆகாதவர்களுக்குக் கடன் உண்டு. தொடங்கிய நிதியாண்டு முடிந்து ஓராண்டு ஆன பின், ஐந்தாண்டு முடிவதற்குள் வாங்கலாம். கடன் கேட்கும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய கடைசி இருப்பில் 25 சதவீதம். 36 மாதத்துக்குள் அசலைத் திருப்பினால் ஆண்டுக்கு 1 சதவீத வட்டி, தவறினால் 6 சதவீதம். பட்டறைக்காரருக்கு இந்த வாய்ப்பு 2026 மார்ச் 31 அன்று முடிந்துவிடுகிறது. அவர் 2025-26இல் கேட்டிருந்தால் 2024 மார்ச் இருப்பில் கால் பங்கு, 1,11,821 வரை கிடைத்திருக்கும்.

கணக்கையே முன்கூட்டி முடிப்பதும் அதே ஐந்தாண்டுக்குப் பிறகுதான், அதற்குக் காரணமும் சான்றும் வேண்டும். கணக்குதாரர், துணைவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள் அல்லது பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய். கணக்குதாரர் அல்லது சார்ந்திருக்கும் பிள்ளைகளின் உயர்கல்வி. கணக்குதாரர் வெளிநாடுவாழ் இந்தியராக மாறுவது. இவை மட்டும்தான். இதற்குப் படிவம் 5. தொடக்கத்திலிருந்து இதுவரை தந்த வட்டி விகிதத்தை 1 சதவீதம் குறைத்து, அதாவது 7.1-ஐ 6.1 ஆக்கி, மறுபடி கணக்குப் போடுவார்கள். பட்டறைக்காரர் மகளின் படிப்பைக் காட்டி 2026 ஏப்ரலில் முடித்தால் 7,21,379-க்குப் பதில் சுமார் 7,02,800 வரும். அதாவது சுமார் 18,500 ரூபாய் நஷ்டம். தொகையைவிட, ஐந்தாண்டு வயதான கணக்கை இழப்பதுதான் பெரிது, மறுபடி தொடங்கினால் பூட்டு முதலிலிருந்து. கட்டணம் இரண்டு லட்சத்துக்குள் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சம் என்றால், கல்விக் கடன் வட்டியையும் இந்த 18,500-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

2036-க்குப் பிறகு

முதிர்ந்ததும் மூன்று வழி. படிவம் 3 கொடுத்து முழுவதையும் எடுத்துவிடலாம். எதுவும் செய்யாமல் விட்டால் புதிதாகக் கட்டாத கணக்காகத் தொடரும், வட்டி வரும், ஆண்டுக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுக்கலாம். தொடர்ந்து கட்ட வேண்டும் என்றால் முதிர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் படிவம் 4 கொடுத்து ஐந்தாண்டுக்கு நீட்டிக்க வேண்டும். அப்போது எடுக்கும் விதி மாறும்: நீட்டிப்பு தொடங்கும்போது இருந்த இருப்பில் 60 சதவீதம், அந்த ஐந்தாண்டு முழுவதற்கும் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறையாக. இருப்பு 30 லட்சம் என்றால் ஐந்தாண்டில் மொத்தம் 18 லட்சம்.

படிவம் 4 கொடுக்காமலே பழக்கத்தில் பணம் கட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தொகைக்கு வட்டியும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை. வங்கியில் தானாகப் பணம் போகும்படி மாத உத்தரவு கொடுத்திருப்பவர்கள் முதிர்வு மாதத்தோடு அதை நிறுத்திவிட்டு, படிவம் 4 ஏற்கப்பட்டுப் புதிய முதிர்வுத் தேதி பாஸ்புக்கில் ஏறிய பிறகே மறுபடி தொடங்க வேண்டும். பட்டறைக்காரருக்கு அந்தப் புதிய தேதி 2041 மார்ச் 31 என்று இருக்க வேண்டும்.